போன் மேரோ டெஸ்ட்ல ஒன்னுமே வரலையா? அதுவும் ஒரு தகவல்தான்

கேள்வி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு 63 வயசு. ஆறு மாசமா ஒரே சோர்வு, உடம்பும் இளைச்சிடுச்சு, ரெண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடுச்சுங்கறார். ஹீமோகுளோபின் 8.4, வெள்ளை அணு 15,200, பிளேட்லெட் 1.2 லட்சம், எல்டிஹெச் 790. ஸ்கேன்ல மண்ணீரல் 19 செ.மீ. ஸ்மியர் ரிப்போர்ட்ல "டியர் டிராப் செல்ஸ், லூக்கோஎரித்ரோபிளாஸ்டிக் பிக்சர்"னு இருக்கு. இடுப்பு எலும்புல ஊசி போட்டு இழுத்துப் பார்த்தாங்க, ஒன்னும் வரல, "டிரை டேப்"னு எழுதிட்டாங்க. மைலோஃபைப்ரோஸிஸா இருக்கலாம், திரும்ப பண்ணணும்னு சொல்றாங்க. சித்தப்பா "அவங்களுக்கு எடுக்கத் தெரியல, வேற ஆஸ்பத்திரிக்கு போலாம்"ங்கறார். அப்பா இன்னொரு ஊசி வேணவே வேணாம்னு அழறார். என்ன பண்றது டாக்டர்?

பதில்: வணக்கம்மா. சித்தப்பா கோபம் புரியுது, ஆனா அவர் சொல்றது அப்பா விஷயத்துல சரியா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. ஊசி சரியா உக்காராம, எலும்போட வெளி ஓட்டுலயே நின்னுட்டதால ஒன்னும் வராம போறது உண்டுதான், நான் மறுக்கல. ஆனா அப்படி டெக்னிக்கால மட்டும் வராம போனவங்களோட ரத்த ரிப்போர்ட் இந்த மாதிரி இருக்காது. ஊசி போடறதுக்கு முன்னாடியே உங்க அப்பாவோட ஸ்மியரும், அதாவது ஒரு சொட்டு ரத்தத்தை கண்ணாடியில தேய்ச்சு மைக்ரோஸ்கோப்ல பார்க்கற டெஸ்டும், ஸ்கேனும் சேர்ந்து "இவருக்கு இழுத்தா வராது"னு பாதி சொல்லிடுச்சு. ஸ்மியர் பார்த்து பழகினவங்க இந்த மாதிரி பேஷன்டுக்கு அன்னிக்கே ரெண்டு ஊசியையும் எடுத்து வெச்சுப்பாங்க.

ரெண்டு ஊசினு சொன்னேன்ல, உங்க குழப்பத்துல பாதி அங்கதான் இருக்கு. போன் மேரோ டெஸ்ட்னு பொதுவா சொல்றதுல ரெண்டு வேலை இருக்கு. ஒன்னு, ஊசியை எலும்புக்குள்ள இறக்கி சிரிஞ்ச் மாட்டி சடார்னு இழுத்து, அரை மில்லியோ ஒரு மில்லியோ மஜ்ஜைய ரத்தத்தோட உறிஞ்சி எடுத்து கண்ணாடியில தேய்க்கறது, அது ஆஸ்பிரேட். இன்னொன்னு, கொஞ்சம் தடியான ஊசிய திருகித் திருகி இறக்கி, ஒன்றரை ரெண்டு செ.மீ. நீளத்துக்கு தீக்குச்சி மாதிரி ஒரு எலும்புத் துண்டையே வெட்டி எடுக்கறது, அது பயாப்ஸி, ட்ரெஃபைன்னும் சொல்வாங்க. ரெண்டும் ஒரே இடத்துலதான், இடுப்புக்குப் பின்னாடி கை வெச்சா தட்டுப்படுமே அந்த எலும்பு மேட்டுல, ஒரே மரத்துப்போற ஊசியில, ஒரே தடவையில எடுத்துடலாம். டிரை டேப்ங்கறது முதல் வேலை தோத்துப்போச்சுனு மட்டும்தான் சொல்லுது. ரெண்டாவது அன்னிக்கு நடந்ததா இல்லையாங்கறது உங்க கடிதத்துல இல்ல, அதை முதல்ல கேட்டுடுங்க.

துண்டு எடுத்திருந்தா திரும்ப ஊசியே தேவைப்படாம போகலாம், ரிசல்டுக்கு காத்திருந்தா போதும். எடுக்கலைனா திரும்ப பண்ணித்தான் ஆகணும், ஆனா அது "இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கலாம்"ங்கறதா இருக்கக்கூடாது, துண்டு எடுக்கறதா இருக்கணும். இழுத்து வராத எடத்துல நாலு தடவை இழுத்தாலும் வலி மட்டும்தான் மிச்சம். இதை டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

சரி, ஏன் வரல? நல்லா இருக்கற மஜ்ஜை எலும்புக்குள்ள கொழகொழனு இருக்கும், ரத்தம் உண்டாக்கற செல்கள் கொழுப்புக்கு நடுவுல தளர்வா தொங்கிட்டு இருக்கும், அதுங்களுக்கு ஊடால மெல்லிசு சுவரோட ரத்தக் குழாய்கள் ஓடும். சிரிஞ்ச்ல இழுக்கற வேகத்துக்கு செல்கள் பிச்சுக்கிட்டு வந்துடும். மைலோஃபைப்ரோஸிஸ்ல இந்த செல்களைச் சுத்தி நார் வளர்ந்து வலையா பின்னிக்கும். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிடலாம், அதே காய் கொப்பரையா முத்திப்போச்சுனா எவ்வளவு பெரிய ஸ்ட்ரா போட்டும் பிரயோஜனம் இல்ல, கத்தியால கீறித்தான் எடுக்கணும், அவ்வளவுதான் விஷயம். உள்ள செல்லே இல்லைனு அர்த்தம் கிடையாது. ஆரம்பத்துல செல் நிறையவே இருக்கும், ஆனா நார் விடாது. நாள் ஆக ஆக நார் தடிச்சு, சிலருக்கு புது எலும்பே உள்ள வளர ஆரம்பிச்சுடும், அப்ப ஊசி இறங்கறதே கஷ்டமா இருக்கும். எடுத்த டாக்டர் "எலும்பு ரொம்ப ஹார்டா இருந்துச்சு"னு சொல்லியிருந்தா அதுவும் ஒரு குறிப்புதான், ரிப்போர்ட்ல எழுதச் சொல்லுங்க.

இந்த நாரை போடறது யாருனு தெரிஞ்சா மிச்சமெல்லாம் தானா புரியும். நோய் இருக்கறது ரத்தம் உண்டாக்கற தாய் செல்லுல. அதுல ஜாக்2, கேல்ஆர், எம்பிஎல்னு மூணு ஜீன்ல ஏதோ ஒன்னு மாறிப்போய், "வளரு வளரு"ங்கற சிக்னல் நிக்காம ஓடிட்டே இருக்கும். பத்து பேர்ல சுமாரா அஞ்சாறு பேருக்கு ஜாக்2, ரெண்டு மூணு பேருக்கு கேல்ஆர், எம்பிஎல் அதைவிட கம்மி, இந்த மூணுமே இல்லாதவங்களும் பத்துல ஒருத்தர் இருப்பாங்க. இந்த சிக்னலால பிளேட்லெட் உண்டாக்கற பெரிய செல் இருக்கே, மெகாகாரியோசைட்டு, அது தாறுமாறா பெருகி, கூட்டம் கூட்டமா ஒட்டிக்கிட்டு, டிஜிஎஃப் பீட்டா மாதிரி வளர்ச்சி பொருட்களை சுத்தி கசிய விடும். பக்கத்துல இருக்கற ஃபைப்ரோபிளாஸ்ட்டுங்க அதைப் பார்த்து நார் போட ஆரம்பிச்சுடும். இதுல வேடிக்கை என்னனா நார் போடற ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கு நோயே கிடையாது, 1970கள்லயே இதை கண்டுபிடிச்சுட்டாங்க, அது பாவம் வந்த ஆர்டருக்கு வேலை பார்க்குது. அதனாலதான் நாரை மட்டும் கரைக்கற மருந்து தேடினவங்களுக்கு பெருசா பலன் கிடைக்கல, ஆர்டர் போடற செல் அங்கயே இருக்குதே.

இப்ப டியர் டிராப். சிவப்பணு வட்டமா, ரெண்டு பக்கமும் குழிஞ்சு, வளைஞ்சு நெளிஞ்சு எதுக்குள்ளயும் புகுந்து வெளிய வந்து பழைய வடிவத்துக்கு திரும்பற சாமர்த்தியம் உள்ளது. நார் அடைச்ச மஜ்ஜையில இருந்து கசங்கி வெளிய வர்றப்பவும், வீங்கின மண்ணீரலோட சந்துல மாட்டி இழுபடறப்பவும் ஒரு முனை நீண்டு வால் மாதிரி ஆகி, திரும்ப உருண்டையாகாமலே ரத்தத்துல சுத்தும். மண்ணீரலை எடுத்தவங்களுக்கு இந்த செல் குறையறதைப் பார்த்திருக்காங்க, அதனால மண்ணீரலுக்கும் இதுல நல்ல பங்கு இருக்குனு சொல்றோம்.

ஆனா டியர் டிராப்ப மட்டும் பிடிச்சுக்கிட்டு முடிவு பண்ணக்கூடாதும்மா. தலசீமியாவுலயும் வரும், பி12 குறைஞ்சாலும் வரும், ஸ்மியர் இழுக்கறப்ப கை அழுத்திட்டாலும் வரும். கடைசியா சொன்னதை கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கு, தேய்ச்சதால வந்த வால்னா எல்லா வாலும் ஒரே திசையைப் பார்த்து நிக்கும், நெசமானதுனா ஆளுக்கு ஒரு திசை. உங்க அப்பா ரிப்போர்ட்டுக்கு கனம் குடுக்கறது அதுக்கு அடுத்து வர்ற வார்த்தை, லூக்கோஎரித்ரோபிளாஸ்டிக். மஜ்ஜைய விட்டு வெளிய வரவே கூடாத பச்சைக் குழந்தைங்க, அதாவது நியூக்ளியஸ் இன்னும் இருக்கற சிவப்பணுவும் மைலோசைட் மாதிரி பாதி முத்தின வெள்ளையணுவும், ரத்தத்துல சுத்துதுனு அர்த்தம். உள்ள வேலி உடைஞ்சுபோச்சு, இல்லைனா மஜ்ஜைக்கு வெளிய வேற எங்கயோ ரத்தம் உற்பத்தி ஆகுது. வால் செல், பச்சை செல், பெரிய மண்ணீரல், செல்கள் நிறைய அழியறப்ப ரத்தத்துல ஏறற எல்டிஹெச் எல்லாம் ஒரே ஆள்கிட்ட சேர்ந்து இருந்தா நாங்க மொதல்ல நினைக்கறது இந்த நோயைத்தான்.

அந்த "வேற எங்கயோ"தான் மண்ணீரல். கருவுல இருக்கறப்ப ரத்தம் உண்டாகற வேலை பெரும்பாலும் ஈரல்லயும் கொஞ்சம் மண்ணீரல்லயும் நடக்கும், அப்புறம் எலும்புக்கு மாறிடும். இந்த நோய்ல தாய் செல்கள் மஜ்ஜையை விட்டு கிளம்பி ரத்தத்துல மிதந்து, மண்ணீரல்ல போய் குடியேறி அங்க மறுபடி உற்பத்தி ஆரம்பிக்கும். சாதாரணமா 12 செ.மீ. பக்கம் இருக்கற உறுப்பு 19 ஆயிடுச்சுனா அது விலா எலும்பை தாண்டி கீழ இறங்கி இரைப்பையை இடிக்கும், அப்பாவோட ரெண்டு இட்லி சமாச்சாரம் அதுதான், அல்சரும் இல்ல கேஸும் இல்ல. வேடிக்கை என்னனா இவ்வளவு பெருசாகியும் அது பண்ற ரத்தம் போதுமானதா இருக்காது, அதுக்கு மேல ஏற்கனவே இருக்கற ரத்த அணுவை உள்ள தேக்கி வெச்சுக்கும், அதனால ஹீமோகுளோபின் இன்னும் இறங்கும்.

இந்த எடத்துல ஒன்னு சொல்லணும், ஹீமோகுளோபின் 8னு பார்த்ததும் யாராவது அயர்ன் மாத்திரை எழுதியிருப்பாங்க, பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் வீட்டுல ஓடிட்டு இருக்கும். சாப்பிடட்டும் தப்பில்ல, ஆனா ஃபெரிட்டின் பார்த்து இரும்பு நெசமாவே கம்மியா இருந்தா ஒழிய மாத்திரையால இது ஏறாது, ரத்தம் ஏத்திட்டு இருக்கறவங்களுக்கு இரும்பு சேர்ந்து தொல்லையா கூட ஆயிடும்.

சரி துண்டு எடுத்தப்புறம் என்ன நடக்கும்னு சொல்றேன், ஏன்னா "ஒரு துண்டைப் பார்க்க இத்தனை நாளா"னு அடுத்த சண்டை அங்கதான் வரும். எடுத்த உடனே அந்த துண்டை கண்ணாடியில மெல்ல ஒத்தி ஒத்தி எடுப்பாங்க, டச் இம்ப்ரிண்ட்னு பேரு, ஆஸ்பிரேட் வராதவங்களுக்கு செல்லோட முகத்தை பார்க்க இதுதான் வழி, இதை பண்ணாங்களானும் கேளுங்க. அப்புறம் ஃபார்மலின்ல போட்டு, எலும்பாச்சே அப்படியே சீவ முடியாதுல்ல, சுண்ணாம்பை கரைச்சு எடுக்கணும், அதுக்கே ஒரு நாளோ அதுக்கு மேலயோ ஆகும், அவசரப்பட்டு கடுமையான ஆசிட்ல கரைச்சா ஜீன் டெஸ்டுக்கு உதவாம போயிடும். பிறகு மெழுகுல பதிச்சு சீவி, சாதா சாயத்தோட வெள்ளி சாயமும் போடுவாங்க. வெள்ளி சாயத்துல ரெட்டிகுலின் நார் கறுப்பு கோடு கோடா தெரியும். பின்னல் இல்லாம அங்கங்க ஒன்னு ரெண்டு கோடுனா கிரேடு எம்எஃப்-0, அடர்த்தியா குறுக்கும் நெடுக்குமா பின்னி கொலாஜனும் சேர்ந்து எலும்பும் தடிச்சிருந்தா எம்எஃப்-3. அப்பாவுக்கு டிரை டேப் ஆகியிருக்கறதால 2 இல்லைனா 3 வரும்னு எதிர்பார்க்கறேன். துண்டு ரொம்ப குட்டியாவோ நசுங்கியோ இருந்தா கிரேடு போட முடியாம "இன்அடிகுவேட்"னு வரும், அப்ப மட்டும்தான் மூணாவது ஊசி பத்தி பேசணும்.

மஜ்ஜை வராததால ஜீன் டெஸ்ட் நின்னுபோச்சுனு நினைச்சுடாதீங்க. இந்த நோய்ல கெட்ட செல்லு ரத்தத்துலயே தாராளமா சுத்துறதால ஜாக்2, கேல்ஆர், எம்பிஎல் மூணும் கையில எடுக்கற ரத்தத்துலயே பார்த்துடலாம். கூடவே பிசிஆர்-ஏபிஎல்னு ஒன்னு கட்டாயம் பார்க்கணும், அது இருந்தா இது சிஎம்எல்ங்கற வேற ரத்தப் புற்றுநோய், அதுலயும் மண்ணீரல் பெருசாகும், மஜ்ஜையில நாரும் வரலாம், ஆனா தினம் சாப்பிடற மாத்திரையிலயே நல்லா கட்டுப்படற நோய் அது. அதை பார்க்காம விடறது பெரிய தப்பு. பயாப்ஸிக்கு காத்திருக்கற நாள்லயே இந்த நாலு டெஸ்டுக்கும் ரத்தம் குடுத்துடுங்க, அப்பாவுக்கு கையில ஒரு குத்து மட்டும்தான்.

ஜாக்2 பாசிட்டிவ்னு வந்துட்டா பயாப்ஸி எதுக்குனு கேப்பீங்க. பாலிசைத்தீமியா மாதிரி இதே குடும்பத்து மத்த நோய்லயும் ஜாக்2 பாசிட்டிவ் வரும், அதுல எதுனு பிரிச்சு சொல்றது மெகாகாரியோசைட்டோட உருவமும் நாரோட அளவும்தான். அப்புறம், நார் வர்றது எல்லாம் இந்த நோயும் இல்ல. வேற எடத்துல இருந்து மஜ்ஜைக்கு பரவின கேன்சர், உதாரணத்துக்கு ஆம்பளைங்கன்னா புராஸ்டேட், அதுலயும் இதே மாதிரி பச்சை செல்லும் டிரை டேப்பும் வரும், ஆனா மண்ணீரல் பொதுவா இவ்வளவு பெருசா இருக்காது. நம்ம ஊர்ல டிபியை மறக்கக் கூடாது, அதுவும் மஜ்ஜைக்குள்ள போய் உக்காந்து நார் உண்டாக்கும். ஹேரி செல் லுக்கேமியானு ஒன்னு, பெரிய மண்ணீரலும் டிரை டேப்பும் அதோட அடையாளமே, ஆனா அதுல பெரும்பாலும் வெள்ளை அணு குறைஞ்சு இருக்கும், அப்பாவுக்கு 15,200 இருக்கறதால அந்த சந்தேகம் எனக்கு கம்மி. இது எல்லாத்தையும் ஒரே அடியில பிரிச்சு சொல்றது அந்த எலும்புத் துண்டுதான்.

ஸ்மியர் ரிப்போர்ட்ல பிளாஸ்ட், அதாவது கொஞ்சமும் முத்தாத ஆரம்பநிலை செல், எத்தனை பர்சன்ட்னு போட்டிருக்கானு எடுத்து பாருங்க, நீங்க எழுதலை. ஒன்னு ரெண்டு இருக்கறது இந்த நோய்ல சகஜம், ஆனாலும் நோய் எந்த கட்டத்துல இருக்குனு கணக்கு போடறப்ப வயசு, ஹீமோகுளோபின், வெள்ளை அணு, எடை குறைஞ்சது, ராத்திரி வேர்வை இதோட அதையும் சேர்த்துப்பாங்க. 20 பர்சன்ட்டோ அதுக்கு மேலயோ போனா அது அக்யூட் லுக்கேமியா, வேகமே வேற. அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 10க்கு கீழ இருக்கறதும் உடம்பு இளைச்சதும் கொஞ்சம் முன்னேறின கட்டம்னுதான் காட்டுது, அதனால பயாப்ஸிய மாசக்கணக்குல தள்ளிப்போட நான் சொல்ல மாட்டேன், வர்ற ஒரு வாரத்துல முடிச்சுடுங்க.

வலி விஷயம். முதல் தடவை அவருக்கு வலிச்சது பெரும்பாலும் இழுக்கறப்ப வந்திருக்கும், அந்த உறிஞ்சற வலியை மரத்துப்போற ஊசி தடுக்காது, காலு வரைக்கும் சுண்டி இழுக்கும். துண்டு எடுக்கறப்ப அழுத்தம் தெரியும், வலியும் இருக்கும், இல்லைனு பொய் சொல்ல மாட்டேன், ஆனா எலும்போட மேல் சவ்வு வரைக்கும் நல்லா மரத்துப்போக விட்டு, மருந்து பிடிக்க அஞ்சு நிமிஷம் காத்திருந்து பண்ணா நெறைய பேர் தாங்கிடறாங்க. அவ்வளவு பயந்தா லேசா தூக்க மருந்து குடுத்து பண்ற வசதி பெரிய ஆஸ்பத்திரிகள்ல இருக்கு, கேளுங்க. பிளேட்லெட் 1.2 லட்சம் இதுக்கு போதும், ஆனா அவர் ஹார்ட்டுக்கு ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெல்லோ சாப்பிட்டா முன்னாடியே சொல்லிடுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. முடிஞ்சதும் மல்லாக்க படுத்து அந்த இடத்துல அழுத்தம் குடுத்து கொஞ்ச நேரம் இருக்கணும், மறுநாள் வரைக்கும் தண்ணி படக்கூடாது.

மண்ணீரலை எடுத்துட்டா சரியாயிடுமேனு சித்தப்பா அடுத்து கேப்பார். இந்த நோய்ல அந்த ஆபரேஷன் ஆபத்தானது, ரத்தப்போக்கு, ரத்தக்கட்டு, தொற்று எல்லாத்துக்கும் வாய்ப்பு அதிகம், எடுத்தப்புறம் ஈரல் அந்த வேலையை எடுத்துக்கிட்டு வீங்கறதும் உண்டு. அதனால மருந்துக்கு மசியாத சிலருக்கு மட்டும் கடைசியா யோசிப்போம். மருந்துனா, நோய் உறுதியான பிறகு ருக்ஸோலிட்டினிப்னு மாத்திரை, 2011ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது, ஜாக் சிக்னலை அடக்கும், கேல்ஆர் இருக்கறவங்களுக்கும் வேலை செய்யும், மண்ணீரல் சுருங்கி சாப்பாடு இறங்கும், வேர்வையும் சோர்வும் குறையும். ஆனா முதல் சில மாசம் ஹீமோகுளோபின் இன்னும் இறங்கலாம், உள்ள தூங்கிட்டு இருக்கற டிபியையும் ஹெபடைட்டிஸ் பியையும் எழுப்பி விடலாம், அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டுக்கும் டெஸ்ட் எடுக்கணும். காசு பத்தலைனோ நல்லாயிட்டோம்னோ திடீர்னு நிறுத்தவும் கூடாது, அடக்கி வெச்சதெல்லாம் ஒரே நேரத்துல திரும்பி ஆள் படுத்துடுவார். நோயையே துடைச்சு எடுக்கறது போன் மேரோ டிரான்ஸ்பிளான்ட் ஒன்னுதான், 63 வயசுல அது முடியவே முடியாதுனு இல்ல, இருதயம் சிறுநீரகம் எல்லாம் நல்லா இருந்து பொருந்தற டோனரும் கிடைச்சா பேசலாம், ஆனா அந்தப் பேச்சு பயாப்ஸிக்கு அப்புறம்.

அதுவரைக்கும் இடது பக்கம் விலாவுக்கு கீழ அடி படாம பார்த்துக்கோங்க, பைக்ல பின்னாடி உக்கார வெச்சு ஸ்பீட் பிரேக்கர் மேல ஏத்தாதீங்க. சாப்பாட்டை மூணு வேளைக்கு பதிலா ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. திடீர்னு இடது பக்கம் குத்தற வலி வந்து தோள்பட்டை வரைக்கும் ஏறுச்சுன்னா, மூச்சு இழுத்தா ஜாஸ்தியாகுதுன்னா, மண்ணீரல்ல ஒரு பகுதிக்கு ரத்தம் போகாம அடைச்சிருக்கலாம், காலையில பார்க்கலாம்னு இருக்காம அன்னிக்கு ராத்திரியே கூட்டிட்டு போயிடுங்க. காய்ச்சல் 100.4 தாண்டினாலும், மலம் தார் மாதிரி கறுப்பா போனாலும் அதே மாதிரி உடனே கிளம்பிடுங்க, பழைய ரிப்போர்ட் ஃபைல் மறக்காம கையில இருக்கட்டும்.